25 நிமிடம் கூடவில்லை, 35 நிமிடம் போயிற்று

நவம்பர் முதல் வாரம் வந்தால் போதும், கோவை ராஜ வீதியிலும் பெரிய கடை வீதியிலும் தங்கம் வெள்ளியில் புழங்குகிறவர்களிடையே ஒரு மகிழ்ச்சிச் செய்தி பரவிவிடுகிறது. “எம்.சி.எக்ஸ். இனி ராத்திரி 11.55 வரைக்கும் இருக்குதுங்க, 25 நிமிசம் சேர்த்துக் கெடைக்குது!” இந்த ஆண்டும் அதே பேச்சு. நியூயார்க்காரர்கள் கடிகாரத்தைப் பின்னே திருப்பினால் நமக்கு லாபம் என்று நம்புகிறவர்கள் இந்த ஊரில் ஏராளம். இவர்கள் நம் சுவர்க் கடிகாரத்தை மட்டும் பார்த்துக் கணக்குப் போடுகிறார்கள். சந்தை நேரத்துக்கு மதிப்பு வருவது எதிர்ச்சந்தையும் அதே வேளையில் திறந்திருப்பதால்தான். நியூயார்க் பங்குச் சந்தை உள்ளூர் நேரப்படி காலை 9.30க்குத் திறக்கிறது. கோடைக் கணக்கில் அது நமக்கு மாலை 7 மணி, குளிர்காலக் கணக்கில் 8 மணி. கோடையில் 7 முதல் 11.30 வரை நாலரை மணி நேரம் இரண்டு சந்தைகளும் சேர்ந்து ஓடும். குளிர்காலத்தில் 8 முதல் 11.55 வரை நான்கு மணி நேரம்கூட முழுதாக இல்லை. அங்கே ஒரு மணி நேரம் தள்ளிப்போக, இங்கே 25 நிமிடம்தான் நீட்டினார்கள். மீதி 35 நிமிடம் நம் கணக்கில் நஷ்டம்.

முப்பத்தைந்து நிமிடத்தில் என்ன பெரிதாக வந்துவிடும் என்பார்கள். தங்கத்தையே எடுத்துக்கொள்வோம். நியூயார்க்கின் கோமெக்ஸில் தங்க ஃபியூச்சர்ஸுக்கு அன்றைய செட்டில்மென்ட் விலை உள்ளூர் நேரம் பிற்பகல் 1.30க்கு முடிவாகிறது. கோடையில் அது நமக்கு இரவு 11 மணி, எம்.சி.எக்ஸ். மூட இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது. குளிர்காலத்தில் அதே விலை சரியாக நள்ளிரவு 12 மணிக்கு முடிவாகிறது. நம் சந்தை மூடி ஐந்து நிமிடம் ஆகியிருக்கும்! பட்டறையில் இருக்கும் தங்கத்தின் விலை இறங்கிவிடுமோ என்று ஃபியூச்சர்ஸில் விற்று வைத்திருக்கும் நகை உற்பத்தியாளருக்கு இந்த ஐந்து நிமிடம் சாதாரணமல்ல. கோடையில் செட்டில்மென்டைப் பார்த்துவிட்டுத் தன் பொசிஷனைக் கூட்டவோ குறைக்கவோ அவருக்கு நேரம் உண்டு. குளிர்காலத்தில் அது மறுநாள் காலை 9 மணிக்குத்தான் முடியும். இடையில் கோமெக்ஸ் தொடர்ந்து ஓடிக்கொண்டிருக்கும். இங்கே போட்டு வைத்த ஸ்டாப் லாஸ் தூங்கும். காலையில் விலை இடைவெளியோடு திறந்தால், நினைத்த இடத்தில் வெளியேற முடியாது. இரவு 11.55 வரை விழித்திருந்தவரால் ஐந்து நிமிடம் கழித்து வந்த விலைக்கு எதுவும் செய்ய முடியவில்லை என்றால், அந்த 25 நிமிடம் யாருக்காகக் கொடுக்கப்பட்டது?

“நான் நிஃப்டி மட்டும்தான் பண்றேன், நமக்கு 3.30க்கு மார்க்கெட் முடிஞ்சுதுங்க” என்று இன்னொரு கூட்டம் ஒதுங்கிக்கொள்கிறது. நியூயார்க்கோடு நம் பங்குச் சந்தை எந்தப் பருவத்திலும் சேர்ந்து ஓடுவதில்லை என்பது உண்மைதான். ஆனால் லண்டன்? கோடையில் அது பகல் 12.30க்குத் திறக்கிறது, குளிர்காலத்தில் 1.30க்கு. என்.எஸ்.இ.யோடு அது சேர்ந்திருக்கும் நேரம் மூன்று மணியிலிருந்து இரண்டாகச் சுருங்குகிறது, மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. அதிலும் அமெரிக்காவும் லண்டனும் ஒரே நாளில் கடிகாரத்தை மாற்றுவதில்லை. 2025இல் அமெரிக்கா மார்ச் 9 அன்று கடிகாரத்தை முன்னே தள்ளியது, லண்டன் மார்ச் 30 அன்றுதான் தள்ளியது. “அமெரிக்கா மாறிடுச்சு, இனி ஐரோப்பா 12.30க்கு வந்துடும்” என்று மார்ச் இரண்டாவது வாரத்திலேயே மதிய வியாபாரத்தைத் திட்டமிட்டவர் மூன்று வாரம் தப்பான மணிக்குக் காத்திருந்திருப்பார்.

குறை வியாபாரியிடம் மட்டும் இல்லை, விதி வகுப்பவர்களிடமும் இருக்கிறது. மாலை 6 முதல் 9 வரை குறியீட்டு டெரிவேட்டிவ்ஸ் நடத்த என்.எஸ்.இ. அனுமதி கேட்டது. புரோக்கர்களிடையே ஒத்த கருத்து இல்லை என்று 2024இல் செபி அதைத் திருப்பி அனுப்பியது. வேலை நேரம், செலவு, ஆள்பலம் என்று எத்தனையோ பேசினார்கள். அந்த 9 மணி எல்லையில் நியூயார்க்கோடு கோடையில் இரண்டு மணி நேரமும் குளிர்காலத்தில் ஒரே ஒரு மணி நேரமும்தான் கிடைக்கும் என்பதை அல்லவா முதலில் பேசியிருக்க வேண்டும்?

எம்.சி.எக்ஸ். நேரம் நள்ளிரவைத் தாண்டினால் தேதி மாறும், கணக்கு முடிப்பது சிக்கல் என்பது அடுத்த சாக்கு. குஜராத்தில் கிஃப்ட் நிஃப்டி 2023 ஜூலை முதல் அதிகாலை 2.45 வரை ஓடுகிறது. நியூயார்க் குளிர்காலத்தில் 2.30க்கு மூடுவதையும் தாண்டி. சட்டமும் கட்டுப்பாட்டாளரும் வேறு என்றாலும், தேதி மாறுவதைச் சமாளிக்கும் கணினிகள் இந்த நாட்டில்தான் இருக்கின்றன. செபி கமாடிட்டி சந்தைக்கு வகுத்த 11.55 வரம்பை, குளிர்கால மாதங்களில் மட்டுமாவது, இரவு 12.30 ஆக்க வேண்டும். அப்போதுதான் கோமெக்ஸ் செட்டில்மென்டுக்குப் பிறகு கோடையில் கிடைக்கும் அதே அரை மணி நேரம் கோவைப் பட்டறைக்காரருக்குக் குளிர்காலத்திலும் கிடைக்கும்.