ஆல்ஃபா 5.4... ஆனாலும் ஷார்ப்பில் இண்டெக்ஸிடம் தோற்கும் ஃபண்ட்: எப்படி?

ஒரு பார்மா ஃபண்ட் 15% தருகிறது என வைத்துக்கொள்வோம். ஏற்ற இறக்கம் 24%, பீட்டா 0.6. இண்டெக்ஸ் தருவது 12%, ஏற்ற இறக்கம் 15%. ரிஸ்க் இல்லாத வட்டி 6%.

வட்டிக்கு மேல் கிடைத்த 9-ஐ பீட்டாவால் வகுத்தால் ட்ரெய்னர் ரேஷியோ 15. இண்டெக்ஸுக்கு வெறும் 6தான். இந்த பீட்டாவுக்கு 9.6% வந்தாலே போதும் என்பதால் ஆல்ஃபா 5.4. அள்ளுது! ஆனால் மொத்த ஏற்ற இறக்கத்தால் வகுக்கும் ஷார்ப் ரேஷியோவில் ஃபண்டுக்கு 0.375, இண்டெக்ஸுக்கு 0.40.

பணம் முழுக்க இதில்தான் என்றால் ஷார்ப்பைத்தான் நம்பணும். பத்து ஃபண்டில் ஒன்று என்றால் ஷார்ப் வீணாகப் பயமுறுத்தும். ஆனால், ஆர்-ஸ்கொயரையும் பாருங்க. இங்கே அது 0.14தான். இண்டெக்ஸோடு பெரிய ஒட்டுறவே இல்லாத ஃபண்டில், அந்த பீட்டாவை நம்பிக் கணக்கிட்ட ட்ரெய்னரும் ஆல்ஃபாவும் ஆட்டம் காணும்.