கரைந்துவிட்டால் போய்விட்டதாகுமா?

சென்ற போகத்தில் ஒரு மாலை, வயலுக்கு மருந்தடித்துவிட்டு வந்த வாப்பா, தெளிகருவியை வாய்க்காலில் அலசிக்கொண்டிருந்தார். “வாப்பா, தண்ணியில மருந்து கலக்குதே” என்றேன். “இவ்வளவு தண்ணிக்குள்ள அது எங்க மகள் தெரியப்போகுது? ஓட்டத்தோட போயிரும்” என்றார். அன்று என்னிடம் மறுமொழி இருக்கவில்லை. உயர்தர உயிரியல் வகுப்பில் உணவுச் சங்கிலியைப் படித்தபோதுதான் அதைத் தேடத் தொடங்கினேன். தேடிக் கண்டதை வாப்பாவுக்கும் உங்களுக்குமாக எழுதுகிறேன்.

அமெரிக்காவின் நியூயோர்க் நகரத்துக்குக் கிழக்கே லோங் ஐலண்ட் என்ற நீண்ட தீவு உள்ளது. அதன் கரையோரச் சதுப்பு நிலங்களில் நுளம்பை ஒழிப்பதற்காகப் பல ஆண்டுகள் டீ.டீ.ரீ. தெளித்தார்கள். ஜோர்ஜ் வுட்வெல், சார்ள்ஸ் வேஸ்டர், பீட்டர் ஐசக்சன் என்ற மூன்று ஆய்வாளர்கள் அங்குள்ள கழிமுகம் ஒன்றில் வாழும் உயிரினங்களில் அந்த மருந்து எவ்வளவு இருக்கிறது என்று அளந்து, 1967இல் வெளியிட்டார்கள். இன்று பாடநூல்களில் நாம் காணும் கூம்பகப் படங்கள் பலவற்றுக்கு அந்த ஆய்வே மூலம்.

அந்த நீரில் டீ.டீ.ரீ. மில்லியனில் 0.00005 பங்கு என்று கணக்கிடப்பட்டது. இதை இப்படி நினைத்துப் பாருங்கள்: பத்தாயிரம் லீற்றர் கொள்ளும் தண்ணீர் பவுசர் இரண்டை நிரப்பி, அதற்குள் ஒரே ஒரு மில்லிகிராம் மருந்தைப் போட்டால் வரும் அளவு அது. வாப்பா சொன்னது போலவே கண்ணுக்கும் தெரியாது, நாவுக்கும் தெரியாது.

இனி அந்த நீரிலிருந்து படிப்படியாக மேலே ஏறுவோம். நீரில் மிதக்கும் நுண்ணிய பிளாந்தன்களில் அளவு 0.04. அவற்றின் மேற்படியில் உள்ள, விரல் நீளமான சின்ன மீனில் 0.23. சின்ன மீன்களைப் பிடிக்கும் ஊசிமீனில் 2.07. மீனையே உணவாகக் கொண்ட நீர்க்காகத்தில் 26.4. எல்லாம் மில்லியனில் பங்குகள்தான்.

ஒவ்வொரு படியையும் அதற்குக் கீழுள்ள படியால் வகுத்துப் பார்த்தேன். நீரிலிருந்து பிளாந்தனுக்கு 800 மடங்கு. பிளாந்தனிலிருந்து சின்ன மீனுக்கு ஏறத்தாழ 6 மடங்கு. அங்கிருந்து ஊசிமீனுக்கு 9 மடங்கு. ஊசிமீனிலிருந்து நீர்க்காகத்துக்கு ஏறத்தாழ 13 மடங்கு. நீரிலிருந்து பறவை வரை மொத்தம் 528,000 மடங்கு! ஒரு கிலோ நீர்க்காகத்தில் இருந்த மருந்தை நீராக அளந்தால் ஐம்பதுக்கும் மேற்பட்ட பவுசர்கள் வேண்டும்.

இது எப்படி நடக்கிறது? முதற் படி மற்றப் படிகளைப் போன்றதல்ல. பிளாந்தன் மருந்தைத் தின்று மட்டும் சேர்க்கவில்லை. டீ.டீ.ரீ. நீரில் மிக அரிதாகவே கரையும். கொழுப்பிலோ நன்றாகக் கரையும். ஆகவே நீரை விட்டு, உயிருள்ள கலத்தின் கொழுப்புக்குள் அது தானாகவே ஒதுங்கிக்கொள்கிறது. 800 மடங்கு என்ற பெரிய பாய்ச்சலுக்கு அதுவே முக்கிய காரணம்.

மேற்படிகளில்தான் உணவு வேலை செய்கிறது. ஒரு மீன் ஒரு கிலோ வளர ஏறத்தாழ பத்துக் கிலோ இரை வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மீதி ஒன்பது கிலோ சுவாசத்திலும் கழிவிலும் போய்விடுகிறது. ஆனால் இரையிலிருந்த டீ.டீ.ரீ. இலகுவில் சிதைவதில்லை, சிறுநீரோடு கரைந்து வெளியேறுவதுமில்லை. பத்துக் கிலோவில் இருந்தது ஒரு கிலோவுக்குள் ஒடுங்குகிறது. முழுவதும் தங்கினால் பத்து மடங்காக வேண்டும். கொஞ்சம் வெளியேறுவதால் மீன்களில் ஆறும் ஒன்பதுமாக நின்றது. பறவையில் பத்தையும் தாண்டியதேன்? பறவை உடல் சூட்டைக் காக்கவே நிறைய உண்ணவேண்டும். வளர்ந்து முடிந்த பின்னும் ஆண்டுக்கணக்காக உண்கிறது. எடை நின்றுவிட்டாலும் மருந்து சேர்வது நிற்பதில்லை.

ஒன்றைச் சொல்லியாகவேண்டும். அந்த நீர்க்காகம் அந்த ஊசிமீனை மட்டும் தின்று வாழவில்லை. பறவைகள் இடம்விட்டு இடம் பறப்பவை. ஆகவே இவ்வெண்கள் எங்கும் பொருந்தும் வாய்ப்பாடல்ல. மேலே போகப் போகக் கூடுகிறது என்ற போக்கே உறுதியான செய்தி.

இதனால் வந்த கேடும் உடனே கண்ணில் படவில்லை. அதே ஆய்வில் மீன்பிடிப் பருந்தின் முட்டையில் 13.8 பங்கு இருந்தது. டீ.டீ.ரீ. உடலில் மாறி உண்டாகும் டீ.டீ.ஈ., முட்டை ஓட்டுக்குக் கல்சியம் சேர்வதைத் தடுக்கிறது. ஓடு மெலிந்து, அடைகாக்கும் தாயின் பாரத்திலேயே முட்டை நொறுங்கியது. செத்த பறவை எதுவும் கரையில் கிடக்கவேண்டியதில்லை. குஞ்சு பொரிப்பது குறைந்துபோனதே அடையாளம். 1972இல் அமெரிக்கா இம்மருந்தின் பாவனையைப் பெரும்பாலும் நிறுத்திய பின் அப்பருந்துகள் மெல்ல மெல்லப் பெருகின.

அப்படியானால் டீ.டீ.ரீ. வெறும் தீமையா? நம் நாட்டில் வீட்டுச் சுவர்களில் அதைத் தெளித்தே மலேரியாவை அடக்கினார்கள். 1963இல் நாடு முழுவதும் 17 நோயாளர்களே பதிவாகினர். தெளிப்பு நின்றபின் 1968, 1969ஆம் ஆண்டுகளில் நோய் பெரும் வேகத்தில் திரும்பியது. அந்த உயிர்களை நான் மறுக்கவில்லை. ஆனால் வீட்டுச் சுவரில் பூசுவதும், மீன் வாழும் சதுப்பில் ஆண்டுதோறும் கொட்டுவதும் ஒன்றல்ல. பின்னாளில் இங்கு டீ.டீ.ரீ.க்குப் பதிலாக வந்த மலத்தியன் நச்சுத்தான் என்றாலும், விரைவில் சிதைந்துவிடுவதால் இப்படிப் படியேறுவதில்லை.

ஆகவே என் கருத்து இது. ஒரு மருந்தைப் பற்றி “எவ்வளவு நஞ்சு?” என்று மட்டும் கேட்கிறோம். “எத்தனை நாள் சிதையாமல் இருக்கும்? நீரில் கரையுமா, கொழுப்பில் கரையுமா?” என்றும் கேட்கவேண்டும். சிதையாமலும் கொழுப்பில் கரைந்தும் இருக்கும் மருந்துக்கு நீரில் அளந்த சிறிய எண் எந்த உத்தரவாதமும் தராது. அதை மீனிலும் முட்டையிலும் அளக்கவேண்டும்.

சங்கிலியின் உச்சியில் மனிதன் இருப்பதாகப் படம் போடுகிறோம். உண்மையில் அவனுக்கும் மேலே ஒரு படி உண்டு. தாயின் கொழுப்பில் சேர்ந்தது தாய்ப்பாலின் கொழுப்போடு குழந்தைக்குப் போகிறது. இதற்காகப் பாலூட்டலை நிறுத்தவேண்டாம். அதன் நன்மையே பெரிது என்பதுதான் மருத்துவ அறிவுரை. கடமை தாய்க்கு அல்ல, சங்கிலியின் அடியில் நின்று தெளிப்பவருக்கே.

இதை வாசித்துக் காட்டியபோது வாப்பா நெடுநேரம் பேசவில்லை. பிறகு மருந்துப் போத்தலை எடுத்து வந்து, “இதுல எழுதியிருக்கிற பேரப் பாரு மகள், இது சிதையுற சாதியா, சேருற சாதியா?” என்று கேட்டார். பார்த்தோம், அது சிதைகிற சாதிதான். என்றாலும் வாய்க்கால் மீனுக்கு அதுவும் நஞ்சே. இப்போது தெளிகருவியை அவர் வாய்க்காலில் அலசுவதில்லை. அலசிய நீரை மருந்தடித்த வரவைக்குள்ளேயே தெளித்துவிடுகிறார்.