'புதுசு' என்றால் எந்தத் தேதி?

"புத்தம் புதிய குதிரைவாலி அரிசி! தோட்டத்தில் இருந்து நேராக உங்கள் வீட்டுக்கு!"

செல்போனில் இப்படி ஒரு அறிவிப்பு வருகிறது. மதுரையில் ஒரு குடும்பத் தலைவி அதைப் பார்க்கிறார். வாங்கலாமா, வேண்டாமா?

எது புதுசு என்று அதில் சொல்லவில்லை. கதிர் அறுத்தது புதுசா? உமி நீக்கி அரிசி ஆக்கியது புதுசா?

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் கரிசல் பூமி. வானம் பார்த்த நிலம். புரட்டாசியில் மழையை நம்பிக் குதிரைவாலி விதைப்பார்கள். ஏறக்குறைய நூறு நாளில் விளைந்து விடும். தை மாதம் களத்துக்கு வரும். எல்லோருக்கும் ஒரே சமயத்தில் விளைவதால், அப்போது வியாபாரி சொன்னதுதான் விலை!

அவசரப்பட்டு விற்காமல், விவசாயி தானியத்தை வீட்டில் வைத்துக்கொள்ளலாமே? தாராளமாக வைக்கலாம். நன்றாகக் காயவைத்த தானியம், உமியோடு இருக்கும் வரை வருஷக்கணக்கில் கெடாது. அந்த உமிதான் அதற்குச் சட்டை.

சட்டையைக் கழற்றினால்?

உமியை நீக்கியதும் கதை மாறி விடுகிறது. அரிசியின் மேல் இருக்கும் தவிட்டில் எண்ணெய்ச் சத்து உண்டு. அதில் காற்றுப் பட்டதும் மெல்ல மெல்லக் கெடத் தொடங்கும். தவிடு போகாத அரிசி இரண்டு, மூன்று மாதத்தில் காறல் வாடை அடிக்கும். உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து முகர்ந்தால் தெரியும். நாலு அரிசியை வாயில் போட்டு மென்றால் கசக்கும்.

ஆகவே, தையில் அறுத்த தானியத்தை ஆவணியில் அரைத்தாலும் அது நல்ல அரிசிதான். தையிலேயே அரைத்து ஆவணி வரை பையில் கிடந்ததுதான் பழசு. இரண்டையும் "புதுசு" என்றே விற்கிறார்கள். பதிவு போடுகிற விவசாயி அந்தச் சொல்லை அடியோடு விட்டு விட்டு, அறுத்த மாதத்தையும் அரைக்கும் தேதியையும் எழுத வேண்டும்.

1999-ல் மதுரையில் உழவர் சந்தை தொடங்கியது. அங்கே வாங்குகிறவர் கையில் அள்ளிப் பார்க்கலாம், முகர்ந்து பார்க்கலாம். செல்போனில் அது முடியாது. எழுத்தைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

என்றைக்கு வரும்?

இன்னொரு தொல்லை, அனுப்பும் நாள். "உடனே அனுப்பப்படும்" என்று எழுதி விடுகிறார்கள். உமி நீக்கும் இயந்திரம் எல்லா ஊரிலும் இல்லை. மூட்டையை எடுத்துப் போய், முறை வரும் வரை காத்திருக்க வேண்டும். அரைத்து வந்த அரிசி சூடாக இருக்கும். அந்தச் சூட்டோடு பிளாஸ்டிக் பையில் கட்டினால் உள்ளே வேர்த்துப் போகும். பிறகு பூசணம்தான்!

ஒரு விவசாயி இப்படி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம்:

"குதிரைவாலி அரிசி. தை மாதம் அறுத்தது. அறுக்கும்போது மழை இல்லை. தவிடு நீக்காதது. ஞாயிறு மாலை வரை கேட்டவர்களுக்கு மட்டும் திங்களன்று அரைப்போம். இரவு ஆறவைத்து, செவ்வாயன்று பார்சல் போடுவோம். மதுரைக்குப் புதன், சென்னைக்கு வியாழன். இரண்டு மாதத்துக்குள் சமைத்து விடுங்கள்."

ஆரவாரமான சொல் ஒன்றுகூட இதில் இல்லை. ஆனால் ஒவ்வொரு வரிக்கும் காரணம் உண்டு. அறுப்பு நேரத்தில் மழையில் நனைந்த தானியம் கறுத்து, முடை நாற்றம் அடிக்கும். அதனால்தான் மழை பற்றிய வரி. சனிக்கிழமை பார்சல் போட்டால் ஞாயிறு முழுவதும் கிடங்கில் தூங்கும். அதனால்தான் செவ்வாய். கேட்ட அளவுக்கே அரைப்பதால், மிஞ்சிய அரிசி காறிப்போகும் பயமும் இல்லை.

விலை கூடுதலாக இருக்கிறதே என்று வாங்குகிறவர் கேட்பார். நியாயமான கேள்வி. தானியத்தில் கால் பங்குக்கு மேல் உமியாகவே போய் விடுகிறது. அதையும் ஒரு வரி எழுதினால் என்ன குறைந்து விடும்?

வத்தலுக்கு வேறு கணக்கு

மிளகாய் வத்தலுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அதில் பறித்த மாதம்தான் முக்கியம். போன வருஷத்து வத்தல் நிறம் மங்கி விடும். ஒரே செடியில் பல தடவை பழம் பறிப்பார்கள். கடைசிப் பறிப்பில் சோடை அதிகம். எத்தனையாவது பறிப்பு என்று எழுதுகிறவர்கள் மிகச் சிலரே. சரியாகக் காய்ந்ததா என்று பார்க்க, காதருகே வைத்துக் குலுக்கினால் போதும். விதை கலகலக்க வேண்டும்.

இவ்வளவும் எழுதிய பிறகும் தவறு வரும். திங்களன்று மின்சாரம் இல்லை, அல்லது இயந்திரம் பழுது. அப்போது பலர் வாயை மூடிக்கொள்கிறார்கள். வியாழனன்று சென்னையில் ஒருவர் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார். திங்கள் இரவே, "இந்த வாரம் அரைக்கவில்லை. அடுத்த செவ்வாய்தான். வேண்டாம் என்றால் பணம் திரும்பி வரும்" என்று எழுத இரண்டு நிமிஷம் ஆகுமா?