மிதிபலகை எத்தனை சென்ரிமீற்றர்?

தங்கச்சி பாடசாலை அணியில நீளம் பாய்றவள். போன தவணைச் சோதனையில் சுகாதாரமும் உடற்கல்வியும் வினாத்தாளில் 'மிதிபலகையின் அகலம் எத்தனை சென்ரிமீற்றர்?' என்று ஒரு பல்தேர்வு வினா. பிழையாப் போட்டிட்டாள். மணலில கால் வைக்காத அவளின்ர சிநேகிதி கொப்பியைப் பாடமாக்கி 20 என்று சரியாப் போட்டாள்.

20 சரிதான். ஆனா அந்த வினா விளக்கத்தைச் சோதிக்கேல்லை, ஞாபகத்தைத்தான் சோதிச்சது. அதே பலகையை வைச்சே வேற மாதிரிக் கேட்கலாம்:

'ஒரு வீராங்கனை மிதிகோட்டுக்கு 15 சென்ரிமீற்றர் முன்னதாகவே மிதித்தெழுகிறார். மணலில் அவரது குதி பதிந்த இடம் கோட்டிலிருந்து 5.20 மீற்றர். பின்பக்கம் ஊன்றிய கை பதிந்த இடம் கோட்டிலிருந்து 4.90 மீற்றர். பதிவாகும் தூரம் எது?'

விடைகள் 4.90, 5.05, 5.20, 5.35. சரியானது 4.90. உடம்பின் எந்தப் பகுதி பட்டாலும், மணலில் கோட்டுக்கு மிகக் கிட்ட உள்ள தடத்திலிருந்து கோடு வரைதான் அளப்பார்கள்.

எனக்குப் பிடிச்சது பிழையான மூன்று விடைகள்தான். 5.20 போட்ட பிள்ளை கோட்டை விளங்கிக்கொண்டது, கைத்தடத்தை மறந்திட்டுது. 5.05 போட்ட பிள்ளைக்குக் கைத்தடம் தெரியும், ஆனா கால் எழும்பிய இடத்திலிருந்து அளக்குது. 5.35 என்றால் இரண்டுமே விளங்கேல்லை. எந்த விடையை எத்தனை பேர் போட்டிருக்கினம் என்று எண்ணினாலே, அடுத்த பாடத்தில எதைத் திருப்பிச் சொல்லோணும் என்று தெரிஞ்சிடும். இந்த இடத்தில 'மேற்கூறிய எதுவுமில்லை' என்று போட்டு நிரப்பினா அதைப் போட்ட பிள்ளையைப் பற்றி ஒண்டும் தெரியவராது.

ஊகிச்சு 4.90 போட்டவையும் இருப்பினம், நாலில் ஒரு வாய்ப்பு இருக்குதே. அதுக்குத்தான் கீழே ஒரு குறுவிடை: 'அதே வேகத்தில், அதே காலடிகளோடு ஓடுவதானால், அடுத்த பாய்ச்சலுக்கு ஓட்டம் தொடங்கும் அடையாளத்தை எந்தப் பக்கம் நகர்த்துவார்? காரணம் தருக.' குழிப் பக்கம். கோட்டுக்கு முன்னமே எழும்பினதால அந்தத் தூரம் வீணாகுது. பக்கத்துக்கு மட்டும் புள்ளி கொடுத்தா அது நாணயம் சுண்டுற கதை. ஆகவே இரண்டு புள்ளியும் காரணத்துக்கே. வினாத்தாள் எழுதும்போதே அந்த இரண்டும் எதுக்கு என்று விடைத்தாளில குறிச்சு வைக்கோணும். வீணாகிற தூரத்தைச் சொன்னா ஒண்டு. முழு 15 சென்ரிமீற்றரும் நகர்த்தினா கோட்டை மிதிச்சுத் தவறாகிற ஆபத்து இருக்கு, அதையும் சொன்னா மற்றது.

இதுக்கும் ஒரு குறை இருக்கு. இதே கணக்கை வகுப்பில ஒருக்காச் செய்து காட்டிட்டா, சோதனையில அது திரும்பவும் பாடமாக்கின விடைதான். எண்களை மட்டும் மாத்தினாப் போதாது, நிலைமையையே மாத்தோணும்.

தங்கச்சியிட்ட இரண்டையும் கேட்டன். 4.90 என்று உடனே சொன்னாள். அடையாளத்தைப் பற்றிக் கேட்க, "பத்துத்தான் நகர்த்துவன் அண்ணா, காத்து அடிச்சா கால் நீளும்" என்றாள். காத்து என்ர விடைத்தாளிலயே இல்லை.