அப்ளை பண்ண முதல் ஒரு ஆளோட பேசுங்க

கொஞ்சம் நீளமான பதிவு. உயர்தரம், டிப்ளோமா, கம்பஸ் முடித்து வேலை தேடும் பிள்ளைகள் உள்ள வீட்டார் கடைசி வரை வாசித்தால் நல்லது.

எங்கள் ஸ்கூல் பழைய மாணவர் வட்ஸ்அப் குரூப்பில் மாதத்துக்கு ஒரு தடவையாவது இப்படி ஒரு மெசேஜ் வரும்: "என்ட மச்சான்ட மகன், கியூ.எஸ். முடிச்சிருக்கார். கட்டார், டுபாய் பக்கம் உள்ள காக்காமார் கொஞ்சம் பாருங்க." கீழே ஒரு சீவி. நாலு பேர் கட்டை விரல் போடுவார்கள். ஒருவர் "இன்ஷா அல்லாஹ்" போடுவார். அதோடு முடிந்தது. மூன்று மாதம் கழித்து அதே சீவி இன்னொரு குரூப்பில் வரும்.

குரூப்பில் இருப்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. நூற்றுச் சொச்சம் பேரைப் பார்த்துக் கேட்டால் அது யாருடைய பொறுப்பும் ஆகாது. அத்தோடு, முன்பின் தெரியாத பிள்ளைக்காகத் தன் கம்பனியில் வாய் திறப்பது யாருக்கும் லேசான காரியம் இல்லை. நாம் கேட்கும் முறையும் பிழை, கேட்கும் நேரமும் பிழை என்பதே என் அபிப்பிராயம். தொடர்பு என்றால் வேலை எடுத்துத் தரும் ஆள் என்று நினைக்கிறோம். உண்மையில் அந்த வேலை உள்ளே எப்படி இருக்கிறது என்று சொல்லக்கூடிய ஆள்தான் முதல் தொடர்பு. அவரை விண்ணப்பிக்க முதல் பிடிக்க வேண்டும்.

நடந்த ஒன்றைச் சொல்கிறேன். என்னிடம் கணிதம் படித்த ஒரு பையன். பெயர் வேண்டாம். கியூ.எஸ். டிப்ளோமா முடித்துவிட்டு ஆறேழு மாதமாக இணையத்தில் கண்ட வேலைக்கெல்லாம் சீவி அனுப்பினான். ஒரு அழைப்பும் வரவில்லை. வாப்பா ஏஜென்சிக்குக் காசு கட்டக் கடன் வாங்கும் யோசனையில் இருந்தார். அந்த நேரத்தில்தான் பையன் என்னிடம் வந்தான்.

நாங்கள் முதலில் லிங்க்ட்இன்னில் உட்கார்ந்தோம். அதில் ஒரு கல்வி நிறுவனத்தின் பக்கத்துக்குப் போனால் Alumni என்று ஒரு பகுதி இருக்கும். அங்கே படித்தவர்கள் எந்த நாட்டில், எந்தக் கம்பனியில், என்ன வேலையில் இருக்கிறார்கள் என்று பிரித்துப் பார்க்கலாம். பையன் டிப்ளோமா படித்த நிறுவனத்தின் பக்கத்தில் அது நன்றாக வேலை செய்தது. எங்கள் ஸ்கூலுக்கு அது சரிவரவில்லை. ஸ்கூல் பெயரை ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார்கள். ஒருவர் மகா வித்தியாலயம் என்கிறார், இன்னொருவர் நெஷனல் ஸ்கூல் என்கிறார், சிலர் ஸ்கூலையே போடவில்லை. ஆகவே ஊர்ப் பெயரையும் தொழிலின் பெயரையும் சேர்த்துத் தேடி, பிறகு நாட்டை வைத்துப் பிரித்தோம். கடைசியில் பதினொரு பேர் கிடைத்தார்கள். அதில் இவனை விட ஐந்து முதல் பத்து வருடம் மூத்த ஐந்து பேரைத் தெரிந்தோம். பெரிய மெனேஜர்களைத் தொடவில்லை. அவர்களுக்கு நேரமும் இல்லை, புதியவன் செய்யும் வேலை ஞாபகமும் இல்லை.

காசு கட்டாத கணக்கில் தொடர்புக் கோரிக்கையோடு சேர்த்து எழுதும் குறிப்புக்கு இடம் மிகவும் குறைவு. மாதத்துக்குச் சில குறிப்புகள்தான் விடுவார்கள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 200 எழுத்து. அதனால் ஐந்து பேருக்கும் ஒரே மாதிரி அனுப்பி வீணாக்கக் கூடாது. பையன் எளிய ஆங்கிலத்தில் எழுதியதன் சாரம் இது:

"நான் உங்கள் ஊர், உங்கள் ஸ்கூல். கியூ.எஸ். டிப்ளோமா முடித்திருக்கிறேன். கொன்ட்ரக்டர் பக்கம் வேலை எப்படி என்று மூன்று கேள்வி கேட்கலாமா? வேலை கேட்கவில்லை."

ஐந்தில் இரண்டு பேர் பதில் போட்டார்கள். ஒரு கிழமை கழித்து மற்ற மூவரில் ஒருவருக்கு ஊர்த் தெரிந்தவர் மூலம் ஒரு தடவை மட்டும் ஞாபகப்படுத்தினோம். பதில் இல்லை, விட்டுவிட்டோம். ஐந்தில் இரண்டு என்பது நல்ல கணக்கு. பதில் வராததைப் பெருமை என்று எடுக்காதீர்கள். சைட்டில் நிற்கும் மனிசன் லிங்க்ட்இன்னைத் தினமும் திறப்பதில்லை.

ஒரு அடையாளம் சொல்கிறேன். நீங்கள் மெசேஜ் போட்டதும் எதிர்ப்பக்கம் "சீவியை அனுப்புங்க, பார்ப்பம்" என்று மட்டும் வந்தால், நீங்கள் வேலை கேட்டதாகவே அவர் விளங்கியிருக்கிறார். அது பெரும்பாலும் மரியாதையாகக் கதவைச் சாத்துவது. அப்போது சீவியை அனுப்பிவிட்டுக் காத்திருக்காமல், "அனுப்புகிறேன் காக்கா, அதற்கு முதல் ஒரு கேள்வி" என்று பேச்சைத் திருப்ப வேண்டும்.

தோஹாவில் இருந்த காக்கா ஒரு வெள்ளிக்கிழமை காலை இருபது நிமிடம் பேசினார். அங்கே அது விடுமுறை நாள். பையன் மூன்று கேள்வி கேட்டான். புதிதாகச் சேரும் கியூ.எஸ். முதல் ஆறு மாதம் என்ன செய்வார்? அளவீட்டுக்கு எந்த விதிமுறை பாவிக்கிறீர்கள்? என் சீவியைப் பார்த்தால் எந்த இடத்தில் நிறுத்திவிடுவீர்கள்?

மூன்றாவது கேள்விதான் கண்ணைத் திறந்தது. பையனின் சீவியில் BOQ தயாரிப்பு, ஆட்டோகேட், குழுவாக வேலை செய்வேன் என்று இருந்தது. காக்கா சொன்னார், "தம்பி, இது எல்லார்ட சீவிலயும் இருக்கு. கொன்ட்ரக்டர் பக்கம் எங்களுக்கு வேணும் மாதாந்தக் கொடுப்பனவு பில் போடுற ஆள், சப் கொன்ட்ரக்டர்ட அளவைச் சரிபார்க்கிற ஆள், வேலை மாறினா அந்த வேரியேஷனைக் கணக்கில கொண்டு வர்ற ஆள்." பையன் ஒரு கொன்ட்ரக்டரிடம் ஆறு மாதம் பயிற்சியில் இருந்தவன். மூன்று மாடிக் கட்டிடம் ஒன்றில் கொங்கிரீட், பலகை அடைப்பு, கம்பி எல்லாம் அளந்து, மாத பில்லுக்குத் தாள் தயாரித்துக் கொடுத்திருக்கிறான். அதைச் சீவியின் கடைசியில் "சைட் பயிற்சி" என்று இரண்டே சொல்லில் போட்டிருந்தான். கையில் இருந்த நல்ல சாமானை மறைத்து வைத்துவிட்டு, எல்லோரிடமும் உள்ளதை முன்னால் வைத்திருக்கிறான்.

இரண்டாவது கேள்வியாலும் ஒன்று தெரிந்தது. இங்கே கட்டிட அளவீட்டுக்கு SLS 573 படிக்கிறோம். வளைகுடாவில் பல திட்டங்கள் POMI என்ற சர்வதேச அளவீட்டு விதிகளின்படி போகின்றன. அது சிறிய புத்தகம்தான். பையன் இரண்டு கிழமையில் படித்து, தான் ஏற்கெனவே அளந்த கட்டிடத்தின் ஒரு பகுதியை அந்த முறையில் திரும்ப அளந்து பார்த்தான். இன்டர்வியூவில் சொல்ல அவனிடம் இப்போது ஒரு விஷயம் இருந்தது.

ஏன் "முதல்" என்று அழுத்திச் சொல்கிறேன் தெரியுமா? பல பெரிய கம்பனிகளில் ஊழியர் ஒருவர் தனக்குத் தெரிந்தவரைச் சிபாரிசு செய்வதற்கென்று உள்ளே ஒரு முறை இருக்கிறது. அவர் பெயரைப் பதிந்து, உங்களுக்கு ஒரு இணைப்பு அனுப்புவார். அந்த வழியாக விண்ணப்பித்தால் எச்.ஆர். அதைத் தனியாகப் பார்க்கும். ஆனால் நீங்கள் ஏற்கெனவே அந்த வேலைக்கு இணையத்தில் அப்ளை பண்ணியிருந்தால், பல இடங்களில் அந்தச் சிபாரிசு ஏறாது. "உங்கட கம்பனிக்கு அப்ளை பண்ணிட்டேன் காக்கா, கொஞ்சம் பாருங்க" என்று நம்ம பிள்ளைகள் சொல்லும்போது, அவர் விரும்பினாலும் செய்ய ஒன்றும் இல்லாமல் போகலாம். வரிசைதான் பிழை.

முடிவையும் மறைக்காமல் சொல்கிறேன். இரண்டு மாதம் கழித்து தோஹா கம்பனியில் வெற்றிடம் வந்தது. பையன் அப்ளை பண்ண முதல் கேட்டான், காக்கா பதிந்துவிட்டார். இன்டர்வியூ வரை போனான். வளைகுடா அனுபவம் உள்ள ஒருவரை எடுத்துவிட்டார்கள். பதில் போட்ட மற்றவர் கொழும்பில் இருந்தார். அவர் சொன்ன ஒரு கம்பனிக்குத் திருத்திய சீவியோடு போய், உதவி கியூ.எஸ். ஆகச் சேர்ந்துவிட்டான். இரண்டு வருடம் அங்கே நின்றால் தோஹாவுக்குத் தேவையான அனுபவமும் கைக்கு வரும் என்று சொன்னவரும் அதே காக்காதான். வாப்பா வாங்க இருந்த கடன் வாங்கப்படவில்லை.

பெண் பிள்ளைகள் பற்றி ஒரு வார்த்தை. "தெரியாத ஆம்பிளைக்கு மெசேஜ் போடுறதா?" என்று உம்மாமார் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அதற்காகக் கணக்கே வேண்டாம் என்றால் நஷ்டம் பிள்ளைக்குத்தான். புரொபைல் படத்தைத் தன் தொடர்பில் உள்ளவர்கள் மட்டும் பார்க்கும்படி வைக்கலாம். அதே Alumni பகுதியில் தனக்கு முன் படித்த ராத்தாமாரை முதலில் தேடலாம். வேறு யாரிடம் கேட்பது என்று அவர்களே சொல்வார்கள். போன் நம்பர் கொடுக்காமல் அந்த இன்பொக்ஸுக்குள்ளேயே கேள்வியை முடிக்கலாம். பேச்சு வேலையை விட்டு விலகினால் அந்த நிமிடமே புளொக் பண்ணலாம். ஊர் டீச்சர்மாரும் ஒரு சொல் அறிமுகம் செய்து வைக்கலாம். அதற்கு நான் தயார்.

இந்த வழி எல்லா வேலைக்கும் இல்லை. வர்த்தமானியில் அறிவித்துப் போட்டிப் பரீட்சை வைத்து எடுக்கும் அரச நியமனத்துக்கு ஆளைத் தேடி அலையாதீர்கள். அங்கே கேட்க வேண்டியது பரீட்சைக்கு எப்படிப் படித்தீர்கள் என்பது மட்டும்தான். சிபாரிசு தேடினால் தகுதி இழக்கவும் நேரலாம்.

கடைசியாக, பழைய மாணவர் சங்கத்தினருக்கு. நுழைவாயில் கட்டினோம், மேடை கட்டினோம், அல்ஹம்துலில்லாஹ். அடுத்த பொதுக்கூட்டத்தில் ஒரு தாளைச் சுற்றி விடுங்கள். பெயர், பெஜ், தொழில், இருக்கும் நாடு, அத்தோடு ஒரு கேள்வி: "வருடத்துக்கு மூன்று பிள்ளைகளோடு இருபது நிமிடம் பேசச் சம்மதமா?" சம்மதித்தவர்களின் பெயர் மட்டும் ஸ்கூலில் ஒரு கோவையில் இருக்கட்டும். நம்பரைக் குரூப்பில் போடாதீர்கள், ஆசிரியர் ஒருவர் வழியாகப் பிள்ளையை அனுப்புங்கள். வாப்பாவுக்கு ஆள் தெரிந்த பிள்ளை எப்படியும் யாரையாவது பிடித்துக்கொள்ளும். இந்தத் தாள், ஆள் தெரியாத வாப்பாவின் பிள்ளைக்கு.

கொமண்டில் வேலை கேட்காதீர்கள். "நான் இன்ன துறையில் இருக்கிறேன், கேள்வி கேட்கலாம்" என்று சொல்லக்கூடியவர்கள் மட்டும் எழுதுங்கள். நான் குறித்து வைக்கிறேன்.