மண் தொட்டியா, பிளாஸ்டிக் தொட்டியா, துணிப் பையா?

அல்சூரிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார்: “மூன்றாம் மாடியில், மேற்கு நோக்கிய பால்கனியில் தக்காளியும் மிளகாயும் வைத்திருக்கிறேன். சித்திரை பிறந்ததும் செடிகள் பிற்பகலில் துவண்டு விடுகின்றன. துணிப் பைக்கு மாற்றச் சொல்கிறார் கடைக்காரர். மண் தொட்டியே மேல் என்கிறார் என் மாமியார். யார் சொல்வது சரி?”

இருவர் சொல்வதிலும் பாதி உண்மை உண்டு. மறுபாதி தண்ணீரைப் பொறுத்தது. 2024-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நமது நகரத்துக் குடிநீர் வாரியம், குடிநீரைத் தோட்டத்துக்கும் வண்டி கழுவுவதற்கும் உபயோகித்தால் ஐயாயிரம் ரூபாய் அபராதம் என்று அறிவித்ததை அன்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்தக் கோடையில் என் வீட்டுச் செடிகளுக்குக் கிடைத்ததெல்லாம் அரிசி களைந்த நீரும் காய்கறி கழுவிய நீருந்தான். நாளொன்றுக்கு நான்கு லிட்டருக்கு மேல் தேறாது. அப்போது ஏறத்தாழ ஒரே கொள்ளளவுள்ள மூன்று கலங்களில், ஒரே மண் கலவையில், ஒரே வயதுத் தக்காளி நாற்றுகள் மூன்று என்னிடம் வளர்ந்துகொண்டிருந்தன. பெட்டிகளின் எடை பார்க்கும் தொங்கு தராசினால் அவற்றை மாலைதோறும் நிறுத்து வந்தேன். ஒரு கிலோ குறைந்தால் ஒரு லிட்டர் நீர் போயிற்று என்று பொருள். கணக்கு அவ்வளவு எளிது.

பிளாஸ்டிக் தொட்டி ஒரு லிட்டர் நீரை இழந்த நாளில், மண் தொட்டி ஏறக்குறைய ஒன்றரை லிட்டரும், துணிப் பை இரண்டு லிட்டருக்குச் சற்றுக் குறைவாகவும் இழந்தன. செடி குடிப்பது மூன்றிலும் ஏறத்தாழ ஒன்றுதான். மிகுதி நீர் கலத்தின் சுவர் வழியே காற்றில் கலந்தது. இது என் வீட்டுக் கணக்கு. காற்றும் வெயிலும் மாறினால் அளவுகள் மாறும். ஆனால் வரிசை மாறாது.

அப்படிப் போன நீர் வீணாயிற்றா என்றால், இல்லை. பானைத் தண்ணீர் குளிர்வதற்குரிய காரணமே இங்கும் வேலை செய்கிறது. ஒரு லிட்டர் நீர் ஆவியாவதற்கு, அதே நீரை அறையின் சூட்டிலிருந்து கொதிக்க வைப்பதற்கு வேண்டியதைப்போல் ஏழு மடங்குக்கும் மேற்பட்ட வெப்பம் தேவை. அந்த வெப்பத்தை அது கலத்தின் சுவரிலிருந்து எடுத்துக் கொள்கிறது. ஆகவே மண் தொட்டியும் துணிப் பையும் ஈரமாக இருக்கும்வரை வேர் குளிர்ச்சியாக இருக்கிறது. பிளாஸ்டிக்கின் சுவர் வழியே நீர் வெளியேற வழியில்லை. கறுப்புத் தொட்டியாயின் மேலை வெயிலை முழுதும் உறிஞ்சி, சுவரை ஒட்டிய வேர்களைப் பொசுக்கிவிடும். சகோதரியின் செடிகள் துவளும் நேரத்தில், விரலைச் சுவரோரமாக மண்ணுக்குள் நுழைத்துப் பார்க்கட்டும். மண் ஈரமாயிருந்தும் விரல் பொறுக்காத சூடு தெரிந்தால், குற்றம் தண்ணீரில் இல்லை, தொட்டியின் சுவரில் இருக்கிறது. அந்நிலையில் மேலும் மேலும் நீர் ஊற்றுவது வேரை அழுகச் செய்யும்.

இனி வடிகாலைப் பார்ப்போம். தொட்டியின் அடியில் கூழாங்கற்களைப் பரப்பினால் நீர் நன்றாக வடியும் என்பது நம்மில் பலருடைய நம்பிக்கை. உண்மை அதற்கு நேர்மாறானது. பாத்திரம் துலக்கும் பஞ்சு ஒன்றை நீரில் நனைத்துப் படுக்கையாக ஏந்துங்கள். சொட்டுவது நின்றபின் அதையே நெடுக்காக நிறுத்திப் பிடியுங்கள், மீண்டும் சொட்டும். பஞ்சின் அடிப்பகுதியில் எப்போதும் ஒரு குறிப்பிட்ட உயரத்துக்கு நீர் தங்கி நிற்கிறது. உயரம் கூடக்கூட, மேலே காற்றோட்டமுள்ள பகுதி அதிகமாகிறது. தொட்டி மண்ணும் அவ்வாறே. கல் பரப்பினால் அந்த ஈர அடுக்கு கல்லின்மேல் ஏறி நிற்கும். வேருக்குரிய உயரந்தான் குறையும். துளையின்மேல் ஓர் ஓட்டுச் சில்லோ, தேங்காய் நாரோ வைத்தால் போதும்.

பிளாஸ்டிக் தொட்டி வாங்கும்போது அடித்துளைகள் மூன்று நான்காவது இருக்கின்றனவா என்று பாருங்கள். தொட்டியைச் செங்கல் துண்டுகளின்மேல் தூக்கி வையுங்கள். தட்டில் நீர் தேங்க விடாதீர்கள். துணிப் பையில் நீர் எல்லாப் பக்கமும் வடிவதால் வேர் அழுகல் அரிது. சுவரை எட்டிய வேர் நுனி காற்றுப் பட்டுக் காய்ந்து, உள்ளே கிளை வேர்கள் பெருகும். பிளாஸ்டிக்கிற்போல் வேர் வட்டமாகச் சுற்றிக் கொள்வதில்லை. ஆயினும் பையின் கீழ் ஒரு தட்டு அவசியம். இல்லையேல் செந்நீர் கீழ்வீட்டார் துணியில் சொட்டி, நட்பைக் கெடுக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கடையில் ‘குரோ பேக்’ என்று விற்பவை எல்லாம் துணிப் பைகள் அல்ல. உட்புறம் பூச்சுப் பூசிய பிளாஸ்டிக் பைகளும் அப்பெயரில் வருகின்றன. சிறிது நீர் ஊற்றிப் பாருங்கள். வெளிப்புறம் நனையாவிட்டால் அது பிளாஸ்டிக் தொட்டிக்குச் சமானமே.

துணிப் பையில் இன்னுமோர் இடையூறு உண்டு. ஒருநாள் நீர் தவறினால் தென்னை நார்க்கழிவு கலந்த மண் வறண்டு, பிறகு ஊற்றும் நீரை ஏற்க மறுக்கும். நீர் ஓரமாக வழிந்து தட்டில் நிரம்பும்; நாமோ செடி குடித்துவிட்டதாக எண்ணுவோம். பையைத் தூக்கினால் எடை கூடாதிருப்பது உண்மையைச் சொல்லிவிடும். அப்போது அகன்ற பாத்திரத்தில் சிறிது நீர் வைத்துப் பையை அதில் நிறுத்தி, அடியிலிருந்து ஊற விடுவதே வழி. மண் தொட்டிக்கோ எடை ஒரு குறை. ஆழ்குழாய் நீரின் உப்பு வெளிச்சுவரில் வெண்மையாய்ப் படிவதும் உண்டு. அதைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவலாம். வெளியே வண்ணம் பூசி மறைக்காதீர்கள்; பூசினால் சுவர் மூச்சுவிடுவது நின்றுபோகும்.

சகோதரிக்கு என் யோசனை இதுதான். தினமும் காலையில் தவறாமல் நீர் ஊற்ற இயலுமானால், தக்காளிக்குத் துணிப் பை நல்லது. ஈரமும் உலர்வும் மாறிமாறி வந்தாலும் தாங்கும் மிளகாய்க்கு மண் தொட்டி போதும். ஆனால் தண்ணீர் முறை வைத்து வரும் வீடாயின், இருக்கும் பிளாஸ்டிக் தொட்டிகளை மாற்றவே வேண்டாம். அவற்றின் மேற்குப் பக்கச் சுவரை நனைந்து உலர்ந்த சாக்கினால் மூடி நிழல் செய்து, மண்ணின்மேல் இரண்டு விரற்கடை உலர்ந்த இலைகளைப் பரப்பிவிடுங்கள். என் வீட்டில் அந்தக் கோடையைக் கடந்து காய்த்தது, இப்படிச் சாக்குப் போர்த்திய பிளாஸ்டிக் தொட்டிச் செடிதான். துணிப் பைச் செடி முதலில் எல்லாவற்றையும்விடச் செழித்தது. நான் இரண்டு நாள் ஊருக்குப் போய்வந்தபோது கருகிக் கிடந்தது.

துவளும் செடியைப் பற்றி ஒரு வார்த்தை. பிற்பகலில் துவண்டு அந்திக்குள் நிமிர்ந்தால் அது வெயிலின் களைப்பு, அஞ்ச வேண்டுவதில்லை. விடியற்காலையிலும் துவண்டிருந்தால் தொட்டியைத் தூக்கிப் பாருங்கள். இலேசாயிருந்தால் தாகம், கனமாயிருந்தால் வேர் அழுகல். இவ்விரண்டுக்கும் மருந்து நேர்மாறானது.