எச் பெருசா, சின்னதா?

இன்டர்ன்ஷிப் போற இடத்துல உங்களுக்கும் ஒருநாள் இந்த வேலை வரும். "தம்பி, இந்த டேட்டாஷீட்டைத் தமிழ்ல போட்டுக் குடு. நம்ம பர்ச்சேஸ் ஆளுங்க சப்ளையர்கிட்ட பேசணும்." எனக்கு வந்தது கோயம்புத்தூரில், பம்ப் உதிரிபாகம் செய்யும் ஒரு சின்ன யூனிட்டில். தமிழ் தெரியும், இன்ஜினியரிங் படிக்கிறோம், இதுல என்ன இருக்குன்னு உட்கார்ந்தேன்.

முதல் தப்பு சிரிப்போடு போச்சு. டாலரன்ஸ் என்பதற்கு அகராதியைப் பார்த்து "சகிப்புத்தன்மை" என்று எழுதியிருந்தேன். பர்ச்சேஸ் அண்ணன் படிச்சுட்டு, "யாரு யாரைத் தம்பி சகிச்சுக்கணும்?" என்றார். அங்கே எல்லோரும் கேட்பது "ப்ளஸ் மைனஸ் எவ்வளவு?" என்றுதான். அந்த வார்த்தையையே போட்டேன், விஷயம் முடிஞ்சது.

இரண்டாவது தப்பை யாருமே கவனிக்கவில்லை. ஒரு புஷ்ஷின் துளைக்கு `25 H7` என்று இருந்தது. அதற்குள் ஓடும் ஷாஃப்ட்டுக்கு `25 h6`. நான் இரண்டையும் அழகாகத் தமிழாக்கி "25 எச்7", "25 எச்6" என்று எழுதினேன். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாதே! அண்ணன் அந்தத் தாளைப் பார்த்து லேத்காரருக்கு வாட்ஸ்அப்பில் `25 h7` என்று அடித்தார். அவர் சார்ட்டைப் பார்த்து, சொன்னதை அப்படியே செய்துவிட்டார்.

என்ன வித்தியாசம்? `25 H7` என்றால் துளை 25.000 மி.மீ.-க்குக் கீழே போகக் கூடாது, மேலே 25.021 வரை இருக்கலாம். `25 h7` அதற்கு நேர் எதிர். 25.000-தான் உச்சம், கீழே 24.979 வரை போகலாம். பெரிய எழுத்து துளைக்கு, சின்ன எழுத்து ஷாஃப்ட்டுக்கு என்பது ஐஎஸ்ஓ 286 முறை. ஷாஃப்ட்டோ 24.987-க்கும் 25.000-க்கும் நடுவில் இருக்கும். அப்போ துளை 24.985 என்று வந்தால் அதில் ஷாஃப்ட் எப்படி நுழைந்து சுற்றும்?

சரக்கு வந்ததும் இன்ஸ்பெக்‌ஷனில் பிளக் கேஜைப் போட்டார்கள். `GO` பக்கம் துளைக்குள் போகவே இல்லை. அப்போதுதான் தெரிந்தது. துளை சின்னதாக இருந்ததால், ஹோனிங் செய்து பெரிதாக்கிக் காப்பாற்ற முடிந்தது. பெரிதாகிப் போயிருந்தால் அத்தனையும் ஸ்கிராப்.

இதிலிருந்து நான் சொல்ல வருவது இதுதான்: குறியீட்டைத் தமிழாக்காதீங்க, அதன் அர்த்தத்தைத் தமிழாக்குங்க.

இப்போ நான் ஒவ்வொரு அளவுக்கும் மூன்று கட்டம் போடுகிறேன். முதல் கட்டத்தில் டேட்டாஷீட்டில் இருப்பதை அப்படியே ஒட்டிவிடுவேன், ஒரு எழுத்துகூட மாறாமல். இரண்டாவதில், குறைந்தது எவ்வளவு, அதிகபட்சம் எவ்வளவு என்று எண்ணாகவே எழுதுவேன். மூன்றாவதில், "பிளக் கேஜின் `GO` பக்கம் நுழையணும், `NO GO` நுழையக் கூடாது. இல்லைன்னா திருப்பி அனுப்புங்க" என்று பேச்சுத் தமிழில் ஒரு வரி. சப்ளையருக்கு அனுப்ப முதல் கட்டம், போனில் பேச இரண்டாவது, சரக்கு வாங்கும்போது மூன்றாவது.

இரண்டாவது கட்டத்தை ஒருமுறை போட்டுவிட்டு எல்லாத்துக்கும் காப்பி அடிக்கக் கூடாது. `H7` என்றால் எப்போதும் 21 மைக்ரான் என்று கிடையாது. 25 மி.மீ. துளைக்கு 21, அதுவே 40 மி.மீ. துளைக்கு 25. அளவு மாறினால் திரும்ப சார்ட்டைப் பார்க்கணும்.

யூனிட்டிலும் இதே குழிதான். `mΩ`, `MΩ` இரண்டையும் "எம் ஓம்" என்று எழுதினால், நடுவில் நூறு கோடி மடங்கு வித்தியாசம் காணாமல் போகும். ஸ்விட்ச்சின் கான்டாக்ட் ரெசிஸ்டன்ஸ் மில்லி ஓமில் இருக்கணும், இன்சுலேஷன் மெகா ஓமில் இருக்கணும். இங்கே மட்டும் குறியீட்டுக்குப் பக்கத்திலேயே "மில்லி ஓம்", "மெகா ஓம்" என்று முழுசாக எழுதிவிடுங்கள். தமிழில் முழு வார்த்தை குழப்பாது, சுருக்கம்தான் குழப்பும்.

"இவ்வளவு தொல்லைக்கு இங்கிலீஷ்லயே விட்டுடலாமே?" என்று என் கிளாஸ்மேட்டே கேட்டான். இங்கிலீஷ் தாளிலும் `H7` என்றுதான் இருந்தது. துளை 25-க்குக் கீழே போகக் கூடாது என்று அதில் யாரும் அண்ணனுக்குச் சொல்லவில்லை. என் தமிழ்த் தாளும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், லேத்காரர் `h7`-க்கு ரேட் சொன்ன அன்றைக்கே, "அண்ணே, 25-க்குக் கீழ போகக் கூடாதுன்னு போட்டிருக்கே?" என்று அவரே போனில் பிடித்திருப்பார்.